விளக்கா, சிங்க்ரோஸ்கோப்பா, ஆட்டோ சிங்க்ரோனைசரா? ஆலையின் ஆல்டர்னேட்டரை மின்தொகுப்புடன் இணைக்க எதைத் தேர்ந்தெடுப்பது

கோபி, சத்தியமங்கலம் பக்கம் கரும்பு அரவை முடிந்து ஆலைகள் ஓய்வுக்காலப் பராமரிப்பில் இறங்கும்போது, மின்பிரிவில் இருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் வருகிறது. சிங்க்ரோனைசிங் பேனல் பழையதாகிவிட்டது, இப்போது மாற்றினால்தான் அடுத்த பருவத்துக்குத் தயாராகும். ஆனால் பழைய மாதிரியே சிங்க்ரோஸ்கோப்பும் விளக்கும் போதுமா, அதோடு ஒரு செக் சிங்க் ரிலேயைச் சேர்ப்பதா, அல்லது எல்லாவற்றையும் ஆட்டோ சிங்க்ரோனைசரிடம் ஒப்படைத்துவிடுவதா என்பதுதான் அந்தக் கேள்வி. இருபது வருடம் பார்லல் போட்ட மூத்த ஆபரேட்டர் "கை பழகிப் போச்சுங்க, மெஷின் எதுக்குங்க?" என்கிறார். புதிதாக வந்த பொறியாளர் ஆட்டோ இல்லாத பேனலுக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எண்கள் கண்ணில் தெரிவதற்காக ஒரே இயந்திரத்தைக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். சக்கையில் ஓடும் நீராவி டர்பைனோடு இணைந்த 3 மெகாவாட், 3,750 கே.வி.ஏ., 11 கே.வி. ஆல்டர்னேட்டர். அதன் முழுச்சுமை மின்னோட்டம் 197 ஆம்பியர். இயந்திரத்தின் சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் 15 விழுக்காடு என்றும், வெளியே டிரான்ஸ்பார்மரும் மின்தொகுப்பும் சேர்த்து இன்னொரு 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 விழுக்காடு.

## முதலில் அளவுகோல்கள்

இணைக்கும் முன் நான்கு பொருந்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மின்னழுத்தம், அதிர்வெண், கட்ட வரிசை, கட்டக் கோணம். ஆனால் நான்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை, தேர்வில் குழப்பம் வருவதும் அங்கேதான். மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் கோணமும் ஒவ்வொரு முறை இணைக்கும்போதும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியவை. கட்ட வரிசையோ ஒரு முறை சரியாக இருந்தால், யாராவது கேபிளிலோ பி.டி.யிலோ கைவைக்கும் வரை சரியாகவே இருக்கும். ஆகவே அந்த மூன்றுக்குக் கருவி வேண்டும், கட்ட வரிசைக்குச் சோதனை வேண்டும்.

பிழை எவ்வளவு வரை பொறுக்கும் என்பதற்கு ஐ.இ.இ.இ. சி50.13 தரம் ஒரு நல்ல அடிப்படை. கோண வேறுபாடு 10 டிகிரிக்குள், மின்னழுத்தம் மின்தொகுப்பைவிட 0 முதல் 5 விழுக்காடு கூடுதல், அதிர்வெண் வேறுபாடு 0.067 ஹெர்ட்ஸுக்குள் என்று அது கேட்கிறது. இந்த 0.067 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ள எளிய வழி உண்டு: சிங்க்ரோஸ்கோப்பின் முள் ஒரு சுற்றுச் சுற்ற 15 நொடி எடுத்தால் அதுதான் அந்த வேறுபாடு.

நம் இயந்திரத்தில் இந்த எல்லைகளின் பொருளைப் பார்ப்போம். மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடுதலாக இருக்கும்போது மூடினால், 5-ஐ 25-ஆல் வகுத்து, முழுச்சுமையின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 39 ஆம்பியர் ரியாக்டிவ் மின்னோட்டம் பாய்கிறது. இது எந்தத் தீங்கும் செய்யாது. கூடுதலாக வைப்பதே விரும்பத்தக்கது, ஏனெனில் குறைவாக இருந்தால் இணைந்த கணமே ஆல்டர்னேட்டர் மின்தொகுப்பிலிருந்து ரியாக்டிவ் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கும். அதிர்வெண்ணும் அப்படித்தான். சற்று வேகமாக இருக்கும்போது மூடினால் இயந்திரம் சிறிது கிலோவாட்டை உடனே தாங்கிக்கொள்கிறது. மெதுவாக இருக்கும்போது மூடினால் மின்தொகுப்பு அதை மோட்டார்போல் இழுக்கும், ரிவர்ஸ் பவர் ரிலே தட்டிவிடும்.

கோணம் மட்டும்தான் உண்மையில் பயப்பட வேண்டியது. 10 டிகிரியில் மூடினால் சுமார் 137 ஆம்பியர், 30 டிகிரியில் 400 ஆம்பியரைத் தாண்டும், 120 டிகிரியில் 1,360 ஆம்பியர். முனையிலேயே மூன்று கட்டமும் ஷார்ட் ஆனால் வரும் மின்னோட்டம் இந்த இயந்திரத்துக்கு சுமார் 1,310 ஆம்பியர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு, தண்டின் மீது விழும் முறுக்கம் மிகக் கடுமையாக இருப்பது 180 டிகிரியில் அல்ல, 120 டிகிரியை ஒட்டித்தான். இந்த 120 பின்னால் திரும்ப வரும்.

எனவே ஒவ்வொரு முறையையும் நான்கு கேள்விகளால் எடைபோடலாம். மூடும் கணத்தில் கோணத்தை எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கிறது? கட்ட வரிசைத் தவறைக் காட்டிக்கொடுக்குமா? இரவு மூன்று மணிக்குப் பணியில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஒரே மாதிரி நடக்குமா? கருவியே பொய் சொன்னால் அது பொய் என்று தெரியுமா?

## வழி ஒன்று: விளக்குகள்

415 வோல்ட் இயந்திரத்தில் பிரேக்கரின் ஒவ்வொரு முனைக்கும் குறுக்கே விளக்கைக் கட்டி, மூன்றும் அணையும்போது மூடுவதுதான் பழைய முறை. எதிர்க்கட்டத்தில் இரு பக்க மின்னழுத்தமும் கூடி 480 வோல்ட் வருமென்பதால், 240 வோல்ட் விளக்குகள் இரண்டிரண்டாகத் தொடரில் இருக்க வேண்டும்.

இதன் பலவீனம் அணையும் இடத்தில் இருக்கிறது. 30 டிகிரி வேறுபாட்டில் விளக்குகளின் குறுக்கே 124 வோல்ட்தான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 62. இழை விளக்கு அந்த அளவில் மங்கிய சிவப்பாக இருக்கும், பகல் வெளிச்சம் விழும் பேனலில் அணைந்ததாகவே தோன்றும். ஆகவே "அணைந்துவிட்டது" என்பது 0 டிகிரி என்று பொருளல்ல, பூஜ்யத்தின் இருபுறமும் முப்பது டிகிரிக்குள் எங்கேயோ என்றுதான் பொருள். பழகிய ஆபரேட்டர் விளக்கு அணைந்ததிலிருந்து மறுபடி எரியும் வரை உள்ள நேரத்தை எண்ணி, அதன் நடுவில் மூடுவார். அது ஒரு திறமைதான், ஆனால் அந்தத் திறமையை அடுத்த ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஒரு கட்டத்தை நேராகவும் மற்ற இரண்டைக் குறுக்காகவும் கட்டி, ஒன்று அணைந்து இரண்டு ஒளிரும்போது மூடும் முறை கோணத்தை இதைவிடக் கூர்மையாகக் காட்டும். ஒளி எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதை வைத்து இயந்திரம் வேகமா மெதுவா என்பதையும் அது சொல்லிவிடும்.

மறைமுகச் செலவு ஒன்று சில வருடங்களாகக் கூடியிருக்கிறது. இழை விளக்கு கடையில் கிடைப்பது அரிதாகிவிட்டதால், பலர் அதே ஹோல்டரில் எல்.இ.டி. பல்பை மாட்டிவிடுகிறார்கள். எல்.இ.டி. பல்பின் உள்ளே இருக்கும் டிரைவர் மின்னழுத்தம் பாதியாகக் குறைந்தாலும் ஒளியைக் குறைக்காமல் வைத்திருக்கும், பிறகு திடீரென்று அணையும். கோணம் நெருங்குவதைப் படிப்படியான மங்கலாகக் காட்டும் குணம் அதற்கு இல்லை. இந்த வேலைக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. இன்னொன்று, பிரேக்கர் திறந்திருக்கும்போதும் விளக்கின் வழியாக மறுபக்கத்துக்கு மின்சாரம் போகும். ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டதென்று நம்பி முனையில் கைவைப்பவருக்கு அது ஆபத்து. விளக்குச் சுற்றுக்குத் தனி சுவிட்சும் பியூஸும் இருந்தே ஆக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விளக்குக்கு மட்டுமே உள்ள பெருமையையும் சொல்ல வேண்டும். பிரேக்கர் முனைக்கு நேர்க் குறுக்கே கட்டிய விளக்கு, பி.டி. எதையும் நம்பாமல் மூன்று கட்டத்தையும் நேரடியாகப் பார்க்கிறது. மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் கட்ட வரிசை சரி. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து அணைந்தால் வரிசை தலைகீழ். மற்ற இரண்டு கருவிகளும் பொதுவாக இதைச் செய்வதில்லை. ஆனால் 11 கே.வி. பேனலில் விளக்கு பி.டி.யின் 110 வோல்ட் பக்கத்தில்தான் தொங்குகிறது, அங்கே இந்தப் பெருமையும் போய்விடுகிறது.

எப்போது இதுவே சிறந்தது: 415 வோல்ட்டில் ஓடும் சில நூறு கே.வி.ஏ. இயந்திரத்தில், ரீவைண்டிங் செய்தோ கேபிள் மாற்றியோ முதல் முறையாக ஓட்டும்போது கட்ட வரிசையை உறுதிசெய்ய. அன்றாட இணைப்புக்குச் சாட்சியாக வைக்கலாம், நீதிபதியாக வைக்கக் கூடாது.

## வழி இரண்டு: சிங்க்ரோஸ்கோப், கையால் மூடுவது, செக் சிங்க் ரிலே

முள் கடிகாரத் திசையில் சுற்றினால் நம் இயந்திரம் வேகம், எதிர்த்திசையில் சுற்றினால் மெதுவு, பன்னிரண்டில் நின்றால் கோணம் பூஜ்யம். 15 நொடிக்கு ஒரு சுற்று என்றால் முள் நொடிக்கு 24 டிகிரி நகர்கிறது. கண் பார்த்துக் கை திருப்புவதற்குக் கால் நொடி, பிரேக்கரும் துணை ரிலேயும் சேர்ந்து சுமார் பத்தில் ஒரு நொடி என்று வைத்தால், முடிவெடுக்கும் கணத்திலிருந்து மூடும் கணம் வரை முள் 8 டிகிரி நகர்ந்திருக்கும். கடிகாரத்தின் ஒரு நிமிடக் கோடு 6 டிகிரி. ஆக, பன்னிரண்டுக்கு ஒன்றரைக் கோடு முன்னால் திருப்பினால் பன்னிரண்டில் மூடும். கை ஒருமுறை கொஞ்சம் பிந்தினாலும் 2 அல்லது 3 டிகிரிதான் பிழை.

இதே முள் 4 நொடிக்கு ஒரு சுற்றுப் போனால் கணக்கு வேறு. நொடிக்கு 90 டிகிரி. முன்கூட்டித் திருப்ப வேண்டிய தூரம் 30 டிகிரிக்கு மேல் ஆகிவிடும், கை பத்தில் ஒரு நொடி பிந்தினால் பிழை 9 டிகிரி. இங்கே எந்த அனுபவமும் உதவாது. சிங்க்ரோஸ்கோப்பில் திறமை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, முள்ளை 15 நொடிக்கு மேல் சுற்றும்படி கவர்னரைப் பொறுமையாகச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

இந்தப் பொறுமை இன்று முன்பைவிட எளிது. தென்னக மின்தொகுப்பு தனியாக இருந்த காலத்தில் அதிர்வெண் 49.5-க்குக் கீழே போவதும் ஏறுவதுமாக இருந்தது. நாம் சரிசெய்து முடிப்பதற்குள் அது நகர்ந்திருக்கும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. பாதை வழியாகத் தென்னகம் நாட்டின் மற்ற பகுதியோடு ஒத்திசைக்கப்பட்ட பிறகு, நம் முன்னால் இருப்பது நாடு முழுதுக்குமான ஒரே தொகுப்பு. இப்போதைய விதிப்படி அதன் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். ஆனால் மூத்த ஆபரேட்டர்கள் சிலரிடம் அந்தப் பழைய காலத்து அவசரம் இன்னும் இருக்கிறது. "வந்தப்பவே போட்டுடோணும், விட்டா போயிருமுங்க" என்பது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கலாம். இன்று ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை.

செக் சிங்க் ரிலே, அதாவது பேனல் வரைபடத்தில் 25 என்ற எண்ணோடு இருப்பது, தானாக எதையும் மூடாது. மின்னழுத்தமும் கோணமும் அதிர்வெண் வேறுபாடும் எல்லைக்குள் இருக்கும்போது மட்டும் மூடும் சுற்றுக்கு அனுமதி கொடுக்கும். கை தவறினால் தடுக்கும் காவலாளி அது. பழைய வகை ரிலேக்கள் அதிர்வெண் வேறுபாட்டை நேராக அளக்காமல், கோணம் சாளரத்துக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை டைமரால் பார்த்தே ஊகிக்கும். எல்லை 10 டிகிரி, டைமர் அரை நொடி என்று வைத்தால், 15 நொடிச் சுற்றில் அனுமதி கிடைக்கும்போதே முள் பன்னிரண்டைத் தாண்டி 2 டிகிரி போயிருக்கும். ஆபரேட்டர் திருப்பும்போது அனுமதி இல்லை, அனுமதி வரும்போது அவர் கையை எடுத்துவிட்டிருப்பார். "ரிலே போட்டதுல இருந்து குளோஸே ஆக மாட்டேங்குதுங்க" என்ற புகார் இதனால் வருவதுதான். அதற்குத் தீர்வாக யாரோ டைமரை எடுத்துவிட்டு, சாளரத்தையும் 30 டிகிரிக்கு விரித்துவிடுகிறார்கள். ஆபரேட்டரும் சுவிட்சை முன்கூட்டியே திருப்பிப் பிடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். இப்போது ரிலேயின் அனுமதியே மூடும் கட்டளையாகிவிட்டது. முள் சாளரத்தின் வாசலில், சுமார் 28 டிகிரியில் பிரேக்கர் மூடுகிறது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் முழுச்சுமையைப் போல் இரு மடங்கு அடி வாங்குகிறது. எதுவும் உடைவதில்லை என்பதால் யாரும் கவனிப்பதும் இல்லை, ஸ்டேட்டர் சுருளின் ஓரக் கட்டுகள் மட்டும் வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே வருகின்றன.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதிர்வெண் வேறுபாட்டை நேராக அளக்கும் நியூமெரிக்கல் ரிலே ஒன்று. அனுமதி வருவதற்கு முன்பே சுவிட்ச் திருப்பப்பட்டிருந்தால் அந்தக் கட்டளையை ஏற்காத லாஜிக் இன்னொன்று.

எப்போது இதுவே சிறந்தது: டர்பைனில் பழைய ஆயில் கவர்னர் இருந்து, ஸ்பீடர் மோட்டார் மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் பதில் சொல்லும் இடங்களில். வருடத்தில் சில முறை மட்டுமே இணைக்கும் ஆலையில். பயிற்சி பெற்ற ஆள் எப்போதும் பணியில் இருக்கும் இடத்தில்.

## வழி மூன்று: ஆட்டோ சிங்க்ரோனைசர்

ஆட்டோ சிங்க்ரோனைசர் கவர்னருக்கும் ஏ.வி.ஆருக்கும் கூட்டு, குறை என்ற பல்ஸுகளைக் கொடுத்து வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே நெருக்குகிறது. அதைவிட முக்கியம், மூடும் கட்டளையை எப்போது கொடுப்பது என்பதை அது கணக்கிடுகிறது. பிரேக்கர் மூட எடுக்கும் நேரம் அதற்குத் தெரியும். முள் அப்போது போகும் வேகமும் தெரியும். ஆகவே எத்தனை டிகிரிக்கு முன்னால் கட்டளை கொடுத்தால் பூஜ்யத்தில் தொடர்புமுனைகள் சேரும் என்பது ஒரு பெருக்கல்தான்:

```
முன்கோணம் = 360 × Δf × t
```

வேறுபாடு 0.2 ஹெர்ட்ஸ், மூடும் நேரம் 60 மில்லிநொடி என்றால் 360 × 0.2 × 0.06, அதாவது 4.3 டிகிரி. மனிதக் கை செய்ய முடியாததை இது ஒவ்வொரு முறையும் செய்யும், இரவு மூன்று மணிக்கும் செய்யும்.

இங்கே மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது, அந்த 60 மில்லிநொடி என்பது யாரோ ஒருவர் தட்டச்சு செய்த எண். பிரேக்கரின் மெக்கானிசத்தில் கிரீஸ் காய்ந்து, மூடும் நேரம் 300 மில்லிநொடியாக நீண்டுவிட்டால் கருவிக்குத் தெரியாது. அதே 0.2 ஹெர்ட்ஸில் மீதி 240 மில்லிநொடியில் முள் 17 டிகிரி தாண்டிப் போயிருக்கும். ஓய்வுக்காலம் முழுவதும் அசையாமல் நின்ற பிரேக்கர் பருவத்தின் முதல் நாள் மூடும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். எனவே ஆட்டோ வாங்குபவர் வருடத்துக்கு ஒருமுறை பிரேக்கர் டைமிங் சோதனைக்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அந்தச் சோதனையைப் பிரேக்கரை நாலைந்து முறை இயக்கி இளக்கிய பிறகு செய்யக் கூடாது, நின்று கிடந்த பிறகு வரும் முதல் இயக்கத்தில் செய்ய வேண்டும்.

இரண்டாவது, கவர்னர். எலெக்ட்ரானிக் கவர்னர் இருந்தால் ஆட்டோ அரை நிமிடத்தில் இணைத்துவிடும். பழைய ஆயில் கவர்னரில் பல்ஸ் கொடுத்து இரண்டு மூன்று நொடி கழித்தே வேகம் மாறும். அதற்குள் கருவி அடுத்த பல்ஸைக் கொடுத்திருக்கும். வேகம் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும், இணைப்பு நடக்காது. பல்ஸின் நீளத்தையும் இடைவெளியையும் அமைக்க ஒரு நாள் பொறுமையாக உட்கார வேண்டும். அப்படியும் சரிவராவிட்டால் கவர்னரையே மாற்றும் செலவு வந்து சேரும், அது சிங்க்ரோனைசரின் விலையைவிடப் பல மடங்கு.

எப்போது இதுவே சிறந்தது: எலெக்ட்ரானிக் கவர்னர் உள்ள, 11 கே.வி.யில் இணையும் எந்த இயந்திரத்துக்கும். அடிக்கடி இணைக்க வேண்டிய இடத்தில் கட்டாயம். நம் பகுதியில் காற்றும் மழையும் சேர்ந்து வரும் நாட்களில் பீடர் விழுந்து, ஆலை தனித்தீவாக ஓடி, மின்சாரம் திரும்பியதும் மறுபடி இணைய வேண்டிய நிலை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வரலாம். அப்போது இணைப்பு நடப்பது ஜெனரேட்டர் பிரேக்கரில் அல்ல, மின்வாரியத்தின் பக்கம் உள்ள இன்கமர் பிரேக்கரில். ஒரே ஆட்டோவை இரண்டுக்கும் பயன்படுத்தும்போது எந்தப் பிரேக்கர் தேர்வானதோ அதன் மூடும் நேரத்தையும் பி.டி.களையும் தானாக மாற்றிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | விளக்கு | சிங்க்ரோஸ்கோப் + செக் சிங்க் | ஆட்டோ சிங்க்ரோனைசர் |
|---|---|---|---|
| கோணத் துல்லியம் | 30 டிகிரி வரை தெரியாது | முள் மெதுவாகச் சுற்றினால் 5 டிகிரிக்குள் | 2–3 டிகிரி, பிரேக்கர் நேரம் சரியாக இருந்தால் |
| கட்ட வரிசையைக் காட்டுமா | 415 வோல்ட்டில் நேரடியாகக் கட்டினால் காட்டும் | காட்டாது | பொதுவாகக் காட்டாது |
| ஆபரேட்டரைச் சார்ந்ததா | முழுவதும் | பாதி | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | இழை விளக்கு, தொடு ஆபத்து | விரிக்கப்பட்ட சாளரம், பிடித்த சுவிட்ச் | டைமிங் சோதனை, கவர்னர் |

## மூன்றையும் ஏமாற்றும் பிழை

இனி நானே நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஓர் ஆலை. ஓய்வுக்காலத்தில் பஸ் பக்கத்து பி.டி.யை மாற்றியிருந்தார்கள். வேலை முடிந்ததும் பொறுப்பான பொறியாளர் பேஸ் சீக்வென்ஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார், வரிசை சரி. பருவத் தொடக்கத்தில் டர்பைன் வேகம் எடுத்தது. முள் நிதானமாகச் சுற்றியது. பன்னிரண்டில் மூடினார்கள். கட்டடமே அதிரும்படி ஓர் அடி, ஓவர்கரன்ட்டில் பிரேக்கர் திறந்துகொண்டது. ஷிப்ட் ஆபரேட்டர் நடுங்கிப்போய் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "சார், முள்ளு பன்னண்டுலதானுங்க இருந்துச்சு." அவர் சொன்னது உண்மை. கப்ளிங் போல்ட்டுகளில் தேய்ந்த தடம், ஸ்டேட்டரின் ஓரச் சுருள்களைக் கட்டிய கயிறுகள் சில அறுந்திருந்தன. டிஃபரன்ஷியல் ரிலே அசையவே இல்லை, மின்னோட்டம் இயந்திரத்தின் ஊடாகப் போனதே தவிர உள்ளே எங்கும் கசியவில்லை என்பதால் அது அசையாததுதான் முறை.

பி.டி.யின் மூன்று செகண்டரி வயர்களும் ஒவ்வோர் இடம் தள்ளி இணைக்கப்பட்டிருந்தன. ஆர் இருக்க வேண்டிய இடத்தில் ஒய், ஒய் இடத்தில் பி, பி இடத்தில் ஆர். இரண்டு வயர்கள் மட்டும் மாறியிருந்தால் வரிசை தலைகீழாகும், மீட்டர் காட்டிக்கொடுத்திருக்கும். மூன்றும் சுற்றி நகர்ந்தால் வரிசை மாறுவதில்லை. மீட்டர் சரி என்றுதான் சொல்லும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் 120 டிகிரி தள்ளியிருக்கும். முள் பன்னிரண்டில் நின்றபோது உண்மையான கோணம் 120 டிகிரி, தண்டுக்கு மிகக் கொடிய அதே கோணம். அந்தப் பேனலில் செக் சிங்க் ரிலேயும் இருந்தது. அதுவும் அதே பி.டி. வயரைத்தான் பார்த்தது, ஆகவே அதுவும் அனுமதித்தது. ஆட்டோ இருந்திருந்தால் இன்னும் துல்லியமாக, சரியாக 120 டிகிரியில் மூடியிருக்கும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் இதைப் பிடிக்க நம்பகமான சோதனை ஒன்று உண்டு. ஆல்டர்னேட்டரின் முனைப் பெட்டியில் லிங்க்குகளைக் கழற்றி இயந்திரத்தைப் பிரித்துவிட வேண்டும். ஜெனரேட்டர் பக்கத்து பி.டி. பிரேக்கரோடே சேர்ந்து நிற்க வேண்டும். உரிய அனுமதியோடும் பாதுகாப்போடும் மின்தொகுப்பின் மின்சாரத்தில் ஜெனரேட்டர் பிரேக்கரை மூட வேண்டும். இப்போது இரண்டு பி.டி.களும் பார்ப்பது ஒரே மின்சாரத்தை. முள் பன்னிரண்டில் அசையாமல் நிற்க வேண்டும், இரு வோல்ட்மீட்டரும் ஒன்றாகக் காட்ட வேண்டும், ஆட்டோவின் திரையில் கோண வேறுபாடு பூஜ்யமாக இருக்க வேண்டும். நாலு மணியில் நின்றாலும் எட்டு மணியில் நின்றாலும் வயர்கள் சுற்றி நகர்ந்திருக்கின்றன. ஆறில் நின்றால் ஒரு பி.டி.யின் முனைகள் தலைகீழ். ஒரு மணியிலோ பதினொன்றிலோ நின்றால், இரு பி.டி.களுக்கும் நடுவில் டெல்டா–ஸ்டார் டிரான்ஸ்பார்மர் இருந்து, அதன் 30 டிகிரியை யாரும் ஈடுசெய்யவில்லை.

லிங்க்குகளைத் திரும்ப மாட்டிய பிறகு கட்ட வரிசையை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். ஆல்டர்னேட்டரைத் தனியாக ஓட்டி அதன் பி.டி.யில் மீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். மாட்டும்போது கேபிள்கள் சுற்றி நகர்ந்திருந்தால்கூடக் கவலையில்லை, ஏனெனில் பி.டி. அந்த நகர்ந்த நிலையைத்தான் உண்மையாகப் பார்க்கும், கருவி அதற்கேற்பவே கோணத்தைச் சரிசெய்யும். இந்தச் சோதனைக்கு அரை நாள் ஆகும். ஓய்வுக்கால அட்டவணையில் அதற்கு ஒரு வரி ஒதுக்காத ஆலைதான் அதிகம் என்பது என் வருத்தம்.

## அந்த 3 மெகாவாட் ஆலைக்கு என் பதில்

கவர்னர் எலெக்ட்ரானிக் என்றால் ஆட்டோ சிங்க்ரோனைசர், அதோடு தனியாக ஒரு செக் சிங்க் ரிலே. இரண்டின் அனுமதியும் தொடரில் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கக் கூடாது, ரிலேக்கு பி.டி.யிலிருந்து வேறு கட்டத்தின் வயரை எடுத்தால் ஒரு வயர் மாறியிருந்தாலும் இரண்டும் ஒரே மாதிரி ஏமாறாது. சிங்க்ரோஸ்கோப்பைக் கழற்ற வேண்டாம். மூத்த ஆபரேட்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், முள் போகும் வேகத்தில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் கருவியைவிட முன்னால் உணர்பவர் அவர்தான். ஆட்டோ பழுதானால் கையால் மூடும் வசதி செக் சிங்க் ரிலேயின் வழியாக மட்டுமே இருக்க வேண்டும், பைபாஸ் சுவிட்ச் இருந்தால் பூட்டி, சாவி பொறியாளரிடம்.

கவர்னர் பழையதாக இருந்து மாற்றப் பணமில்லை என்றால் இரண்டாம் வழியே போதும், நான் மேலே கேட்ட இரண்டு வசதிகளோடு. ஆட்டோவை வாங்கி, அலைகிறது என்று அணைத்துவைத்துவிட்டு, பைபாஸில் கையால் மூடுவது மூன்றிலும் மோசமான முடிவு. அப்படி ஓடும் பேனல்களைப் பார்த்திருக்கிறேன்.

அமைப்பு: கோணம் 10 டிகிரி, அதிர்வெண் வேறுபாடு 0.067 ஹெர்ட்ஸ், இயந்திரம் வேகமாக இருக்கும் பக்கம் மட்டும் அனுமதி, மின்னழுத்தம் 0 முதல் 5 விழுக்காடு கூடுதல். பருவத்தின் முதல் இணைப்பு முடிந்ததும் ரிலேயின் நிகழ்வுப் பதிவைத் திறந்து, தொடர்புமுனை சேர்ந்த கணத்துக் கோணத்தையும் முதல் சைக்கிளின் மின்னோட்டத்தையும் ஏட்டில் எழுதிவைக்கவும். கோணம் 3 டிகிரிக்கு மேல் இருந்தால் கருவியைத் தொடாமல், முதலில் பிரேக்கரின் மூடும் நேரத்தை மறுபடி அளக்கவும்.